'பார்க்கலாம்' என்றால் வாக்குறுதியா? விருந்தினர் பேச்சை மினிட் நோட்டில் எழுதும் முறை

எங்கள் தெரு நலச் சங்கத்துக்குப் புதிதாக இணைச் செயலாளராக வந்த தம்பி, கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் மினிட் நோட்டோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். முந்தின நாள் கூட்டத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை அழைத்திருந்தோம். வீட்டுக் கூரையில் சோலார் போடுவதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார், கேள்விகளுக்கும் பதில் சொன்னார். தம்பி அதை நான்கு பக்கம் எழுதியிருந்தார். வணக்கம் சொன்னதில் தொடங்கி, நடுவில் கரண்ட் போனது வரைக்கும் எல்லாம் இருந்தது.

"அண்ணே, எதையும் விடலை" என்றார். உண்மைதான், எதையும் விடவில்லை. ஆனால் அந்த நான்கு பக்கத்தைப் படித்தபிறகும், அந்த மனிதர் நமக்கு என்ன அனுப்புவதாகச் சொன்னார், நாம் அவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டால் நோட்டில் பதில் கிடைக்கவில்லை.

தம்பிக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவர்கள் இதற்கு நேர் எதிர். "சிறப்பு விருந்தினர் சூரிய மின்சாரம் பற்றிச் சிறப்பாக உரையாற்றினார்" என்று ஒரே வரி எழுதி முடித்துவிடுவார்கள். இரண்டுமே உதவாது. சொந்த உறுப்பினர் பேசுவதை எழுதுவதற்கும் விருந்தினர் பேசுவதை எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அன்று திண்ணையில் உட்கார்ந்து அந்த நான்கு பக்கத்தை முக்கால் பக்கமாக்கினோம். அதை எப்படிச் செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விருந்தினர் நோட்டில் எங்கே வருவார்?

முதல் வேலை, அவரை எந்த இடத்தில் எழுதுவது என்பது. தம்பி வருகைப் பட்டியலில் உறுப்பினர்களோடு சேர்த்து 24ஆவது பெயராக அவரை எழுதியிருந்தார். அது தவறு. விருந்தினர் சங்கத்து உறுப்பினர் அல்ல. கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வேண்டும் என்று சங்க விதியில் இருக்கும் எண்ணிக்கையில், அதாவது கோரத்தில், அவர் சேர மாட்டார். தீர்மானத்துக்கு அவர் கை தூக்கவும் முடியாது. ஆகவே உறுப்பினர் பட்டியல் முடிந்தபிறகு, 'சிறப்பு அழைப்பாளர்' என்று தனியாக ஒரு வரியில் அவர் பெயர், பதவி, எங்கிருந்து வந்தார் என்பதை எழுத வேண்டும்.

'எங்கிருந்து வந்தார்' என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எங்கள் விருந்தினர் சோலார் பொருத்தித் தரும் ஒரு நிறுவனத்தின் தொழில்நுட்ப அலுவலர். மின்வாரியத்து அதிகாரி அல்ல. நாளைக்கு நோட்டைப் படிக்கிறவருக்கு அது தெரிந்தால்தான் அவர் சொன்ன விலையை ஒரு விதமாகவும், அவர் சொன்ன அரசு விதியை வேறு விதமாகவும் எடுத்துக்கொள்வார். நல்ல மனிதர், பொய் சொல்பவர் அல்ல என்றாலும், அவர் எந்த நாற்காலியிலிருந்து பேசினார் என்பது நோட்டில் இருந்தே ஆக வேண்டும்.

அவர் வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் எழுத வேண்டும். காலை 11.05க்கு வந்தார், 12.10க்கு விடைபெற்றார். இது சும்மா எழுதுவது அல்ல. அவர் போனபிறகுதான் "இவர்களிடமே போகலாமா, இன்னும் இரண்டு இடத்தில் விலை கேட்கலாமா" என்று நாங்கள் பேசினோம். விற்பவர் எதிரே இருக்கும்போது அந்தப் பேச்சு நடந்ததா, போனபிறகு நடந்ததா என்பது பின்னால் ஒரு கேள்வி வந்தால் மிகவும் முக்கியமாகிவிடும்.

எதை எழுதுவது, எதை விடுவது

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் எளிது. அன்றைக்கு வராத ஓர் உறுப்பினர், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர், ஆறு மாதம் கழித்து நோட்டைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் பாதி வீட்டுக்காரர்கள் அப்படித்தான், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். அவர் முடிவெடுக்க எந்தத் தகவல் வேண்டுமோ அதை எழுத வேண்டும். மற்றதை விட்டுவிடலாம்.

எங்கள் விருந்தினர் உலகம் சூடாவதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கேட்க நன்றாகவே இருந்தது. நோட்டில் அதற்கு இடமில்லை. அடுத்து மானியத்தைப் பற்றி மூன்றே நிமிடம் சொன்னார். அது கட்டாயம் வர வேண்டும். அவர் எதற்கு அதிக நேரம் எடுத்தார் என்பதைப் பார்த்து எழுதினால் தப்பாகிவிடும். அவர் காட்டிய படங்களை வரிசையாக எழுதவும் தேவையில்லை. அந்தப் படத்தொகுப்பின் நகலை வாங்கி 'இணைப்பு 2' என்று கோப்பில் வைத்துவிட்டால், வேண்டியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எண்களில்தான் பெரிய ஆபத்து. தம்பியின் கைக்குறிப்பில் இப்படி இருந்தது: "கி.வாட் – மானியம் 78,000." அவசரத்தில் எழுதியது. அதை நோட்டுக்கு ஏற்றும்போது "கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம்" ஆகிவிட்டது. விருந்தினர் சொன்னது அதுவல்ல. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில், வீட்டு இணைப்புக்கு 1 கிலோவாட் என்றால் ரூ.30,000, 2 கிலோவாட் என்றால் ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போனால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே ரூ.78,000. அதோடு நின்றுவிடும். நோட்டில் இருந்ததை நம்பி ஐந்து கிலோவாட் போட்டு, மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் மானியம் வருமென்று ஒருவர் காத்திருந்தால் என்ன ஆகும்?

இன்னொன்றும் இருந்தது. 1 கிலோவாட் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும், 3 கிலோவாட் போட்டால் மாதம் 360 யூனிட் வரை எதிர்பார்க்கலாம் என்று அவர் சொன்னார். நமக்கு மின்வாரியத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறார்கள். தம்பி 'மாதம்' என்ற சொல்லை விட்டுவிட்டு "360 யூனிட் வரும்" என்று மட்டும் எழுதியிருந்தார். படிக்கிறவர் தன் கட்டணச் சீட்டில் இருக்கும் இரு மாத யூனிட்டோடு அதை ஒப்பிட்டால், கணக்கு அப்படியே பாதியாகிவிடும். ஓர் எண்ணை எழுதினால் அது எதற்கு, எத்தனை நாளைக்கு, எந்த அளவில் என்பதையும் கூடவே எழுத வேண்டும். அவர் கிளம்புவதற்குள் "ஐயா, இந்த நாலு எண்ணையும் ஒரு தடவை சரிபார்த்துடலாமா" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மாறாக, கவனமாகக் கேட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுவார்கள்.

'அவர் சொன்னார்' என்பது ஒவ்வொரு கருத்திலும் தெரிய வேண்டும். "3 கிலோவாட்டுக்கு மாதம் 360 யூனிட் கிடைக்கும்" என்று எழுதினால் அது சங்கம் சொல்வதாகிவிடும். "கிடைக்கும் எனத் தெரிவித்தார்" என்று எழுதினால் பேச்சு அவருடையதாகவே இருக்கும். எல்லா வரியிலும் 'தெரிவித்தார்' போட்டால் படிக்கச் சலிப்புத் தட்டும். மேலே ஒரு தடவை 'அவர் தெரிவித்த கருத்துகள்' என்று எழுதிவிட்டு, கீழே வரிசையாகக் கொடுத்தால் போதும். அவர் சொன்னதில் நமக்கு ஏதாவது சேர்க்க வேண்டியிருந்தால், 'செயலாளர் குறிப்பு' என்று தனியாக எழுத வேண்டும். அவருடைய வாக்கியத்துக்குள் நம்முடைய கணக்கைக் கலந்துவிடக் கூடாது.

'அருமையாக', 'மிகத் தெளிவாக' என்பவற்றுக்கும் இதே நிலைதான். நன்றி சொன்னதை ஒரு வரி எழுதலாம், அது நடந்த விஷயம். பேச்சு எப்படி இருந்தது என்பது எழுதுகிறவருடைய அபிப்பிராயம்.

யார், என்ன, எப்போது

இனி நான் அதிகம் சொல்ல நினைக்கும் பகுதி. விருந்தினர் பேச்சில் ஒரு சங்கத்துக்கு உண்மையிலேயே பயன்படுவது, அவர் கடைசியில் "செய்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகும் இரண்டு மூன்று விஷயங்கள். அவைதான் நோட்டில் காணாமல் போகின்றன.

நானே அப்படித் தொலைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், தெரு மழைநீர் வடிகாலைப் பற்றிப் பேச ஒருவரை அழைத்திருந்தோம். முடிவில் நான் எழுதியது: "ஊருணி வரத்துக்கால் இலவசமாக ஆய்வு செய்யப்பட்டு அறிக்கை வழங்கப்படும்." ஐந்து மாதம் ஓடிப்போனது, யாரும் வரவில்லை. அடுத்த மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தலைவர் அவரிடம் போனில் கேட்டால், "நீங்க கடிதம் கொடுத்தா வர்றேன்னுதானே சொன்னேன்" என்றார். கடிதம் கொடுக்க வேண்டியது நாங்கள். அப்படி அவர் சொன்னாரா இல்லையா என்று யாருக்கும் நினைவில்லை. நோட்டைப் பார்த்தால் "செய்யப்பட்டு", "வழங்கப்படும்". யார் செய்வது, யார் வழங்குவது, எப்போது என்று ஒன்றும் இல்லை. தப்பு முழுக்க என் வாக்கியத்தில்தான் இருந்தது.

தமிழில் இது மிகச் சுலபமாக நடந்துவிடுகிறது. அலுவலக நடையில் எழுதுவதாக நினைத்து 'அனுப்பப்படும்', 'பரிசீலிக்கப்படும்' என்று போட்டுவிடுகிறோம். செய்கிறவர் யார் என்று சொல்லாமலே வாக்கியம் முழுசாக நின்றுவிடும். வாக்குறுதியை எழுதும்போது இந்த 'படும்' வரவே கூடாது. "திரு. இன்னார் அனுப்புவார்" என்று ஆளை முன்னால் வைத்து எழுதினால், தேதி இல்லாதது உடனே கண்ணில் உறுத்தும். எதை அனுப்புவார் என்ற கேள்வியும் கூடவே வரும். மொய் நோட்டில் பேரும் ஊரும் தொகையும் இல்லாமல் ஒரு வரி எழுதுவோமா? அந்தக் கண்டிப்பு இங்கேயும் வேண்டும்.

அடுத்தது, விருந்தினர் வாயிலிருந்து வந்த சொல் எவ்வளவு கனமானது என்று எடைபோடுவது. நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள். அழைத்த வீட்டில் காபி சாப்பிட்டுவிட்டு யார் சொல்வார்கள்? அதனால் மறுப்பு, சந்தேகம், சம்மதம் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் காதில் விழும். அன்று அவர் சொன்னவற்றில் நான்கை எடுத்து, தம்பியோடு உட்கார்ந்து பிரித்தோம்.

"அங்கீகாரம் உள்ள நிறுவனங்களோட பட்டியலும் விண்ணப்பிக்கிற முறையும் வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுறேன்." இது முழு வாக்குறுதி. ஆள், பொருள், நாள் மூன்றும் இருக்கின்றன.

இரண்டாவது, எங்கள் வீடுகளுக்கே உரியது. ஆச்சி ஒருவர் எழுந்து, "எங்க வீட்டு கரண்டு இணைப்பு இன்னமும் ஐயா பேர்லதான் இருக்கு. அவுக தவறி இருபது வருஷமாச்சு. வீட்டுல ஒன்பது பங்கு. யார் பேர்ல மனுப் போடுறது?" என்று கேட்டார். செட்டிநாட்டில் பாதி வீட்டுக்கு இதே கதைதான். விருந்தினர், "அதை மின்வாரியத்துல கேட்டுச் சொல்றேன்" என்றார். இதுவும் வாக்குறுதிதான், ஆனால் எதற்கு வாக்குறுதி என்று பார்க்க வேண்டும். கேட்டுச் சொல்வதற்கு மட்டும். மனுப் போடலாம் என்று அவர் சொல்லவில்லை. தம்பி "பங்காளி வீடுகளுக்கும் ஏற்பாடு செய்து தருவார்" என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதற்கும் இதற்கும் ரொம்ப தூரம். இதில் நாளும் இல்லை. அன்றே எழுந்து "எப்பத்துக்குள்ள சொல்வீங்க?" என்று கேட்டேன். "ஆடி கழியட்டும், சொல்லிடுறேன்" என்றார். நோட்டில் 'ஆடி கழிந்ததும்' என்று எழுதினால் அது ஆவணியா, ஐப்பசியா? அதனால் "ஆகஸ்ட் 25 என்று எழுதிக்கலாமா ஐயா?" என்று கேட்டு, அவர் சரி சொன்னபிறகே தேதியை எழுதினேன். அவர் சொல்லாத தேதியை நாமாகப் போடக் கூடாது.

மூன்றாவது: "பத்து வீடு சேர்ந்து வந்தா விலையில நாம பார்த்துப் பண்ணிக்கலாம்." கூட்டத்தில் இருந்த பாதிப் பேர் இதைத் தள்ளுபடி என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்த 'நாம' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'நாங்க' என்று சொல்லியிருந்தால் அவர் நிறுவனத்தைக் கட்டும். 'நாம' என்றால் கேட்கிறவர்களும் அதில் உண்டு, அதனால் யாரையும் கட்டாது. அதோடு 'பார்த்து' வேறு இருக்கிறது, எவ்வளவு குறைப்பார் என்ற எண்ணும் இல்லை. இது வாக்குறுதி அல்ல. அதற்காக விட்டுவிடவும் கூடாது, ஏனென்றால் பத்துப் பேர் அதை நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதைக் கருத்துகளின் பட்டியலில், 'பத்து வீடுகள் சேர்ந்தால் விலை பற்றிப் பேசலாம் என்றார். தொகையோ விழுக்காடோ குறிப்பிடவில்லை' என்று வைத்தோம். 'குறிப்பிடவில்லை' என்ற அந்தச் சொல் பின்னால் வரும் பல சண்டைகளைத் தடுத்துவிடும்.

நான்காவது, மெத்தை, அதாவது வீட்டின் மேல்தளம். பழைய வீடுகளில் மரச் சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் மெத்தைதான் இருக்கும். அதில் துளைபோட்டுக் கம்பியை நட்டால் ஒழுகாதா என்று ஒருவர் கேட்டார். "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்றார் முதலில். அப்புறம் தலைவர் விடாமல் கேட்டதும், "சரி, எங்க இன்ஜினியரை ரெண்டு வீடு வந்து பார்க்கச் சொல்லி, ஆகஸ்ட் 25க்குள்ள எழுத்துலயே தர்றோம்" என்றார். இரண்டையும் எழுத வேண்டுமா? தேவையில்லை. ஒரே விஷயத்தில் அவர் கடைசியாக நின்ற இடம் எதுவோ அதை எழுதினால் போதும். முதலில் இப்படிச் சொன்னார், பிறகு மாற்றிக்கொண்டார் என்று எழுதுவது அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதுபோல் ஆகிவிடும். அவர் 'தர்றோம்' என்றதால் இது நிறுவனத்தின் வாக்குறுதி. நோட்டில் நிறுவனத்தின் பெயரையும் அதன் சார்பாகச் சொன்னவர் பெயரையும் சேர்த்தே எழுதினோம். ஒருவேளை அவர் வேலை மாறிப் போய்விட்டாலும் யாரைக் கேட்பது என்று தெரியும்.

நம் பக்கத்து வேலை

வாக்குறுதி என்றாலே வந்தவர் கொடுத்தது என்று மட்டும் நினைக்கிறோம். பல சமயம் அவருடைய வேலை நம்முடைய வேலையில் தொங்கிக்கொண்டிருக்கும். வடிகால் விஷயத்தில் நான் விட்டது அதைத்தான். அன்று இன்ஜினியர் வர வேண்டுமென்றால், எந்த இரண்டு வீடு என்று நாங்கள் முதலில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் சாவி யாரிடம் என்பதையும் சொல்ல வேண்டும். அதைப் பொருளாளர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆகவே அவருடைய பெயரும் நாளும் அதே பட்டியலில், அதற்கு முந்தின வரியில் வந்தன.

விருந்தினர் இன்னொன்றும் கேட்டார்: விருப்பமுள்ளவர்களின் போன் எண்ணையும் மின் இணைப்பு எண்ணையும் மொத்தமாகக் கொடுத்தால் வசதியாக இருக்கும் என்றார். யாரோ ஒருவர் உற்சாகமாக "கொடுத்துடலாம்" என்றும் சொல்லிவிட்டார். அவர் சங்கத்தின் சார்பில் பேசக்கூடியவர் அல்ல. கூட்டத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது சங்கத்தின் வாக்குறுதி ஆகாது. அது ஆக வேண்டுமென்றால் தலைவர் ஏற்க வேண்டும், அல்லது தீர்மானம் வேண்டும். விருந்தினர் போனபிறகு பேசி, ஒவ்வொருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மட்டுமே அவருடைய எண்ணைக் கொடுப்பது என்று தனித் தீர்மானமாகப் போட்டோம். அது விருந்தினர் பகுதியில் வராது, அதற்குக் கீழே தீர்மானங்களில் வரும். விருந்தினர் சொன்னது, சங்கம் தீர்மானித்தது இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்து எழுதினால், அவர் சொன்னதையெல்லாம் சங்கம் ஏற்றுக்கொண்டது போலத் தோன்றிவிடும்.

முடிவில் நோட்டில் ஏறியது

பொருள் 4: வீட்டுக் கூரையில் சூரிய மின்சாரம் – சிறப்பு அழைப்பாளர் உரை

தலைவரின் அழைப்பின்பேரில் (நிறுவனத்தின் பெயர்) தொழில்நுட்ப அலுவலர் திரு. (பெயர்) காலை 11.05க்குக் கூட்டத்துக்கு வந்து உரையாற்றினார். படத்தொகுப்பின் நகல்: இணைப்பு 2.

அவர் தெரிவித்த கருத்துகள்:

பி.எம். சூர்யா கர் திட்டத்தில் வீட்டு இணைப்புக்கான மானியம் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தமாக ரூ.78,000.

1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும்; 3 கிலோவாட்டுக்கு மாதம் 360 யூனிட் வரை எதிர்பார்க்கலாம்.

பத்து வீடுகள் சேர்ந்தால் விலை பற்றிப் பேசலாம். தொகையோ விழுக்காடோ குறிப்பிடவில்லை.

செயலாளர் குறிப்பு: மேலே உள்ள 360 யூனிட் ஒரு மாதக் கணக்கு. மின் கட்டணச் சீட்டில் இருப்பது இரு மாதக் கணக்கு.

பதில் நிலுவையில் உள்ள கேள்வி: காலமானவர் பெயரில் இணைப்பு உள்ள, பல பங்குதாரர் வீட்டுக்கு யார் பெயரில் விண்ணப்பிப்பது?

தொடர் வேலைகள்:

அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலையும் விண்ணப்ப முறையையும் திரு. (பெயர்) செயலாளருக்கு அனுப்புவார் – ஜூலை 25.

ஆய்வுக்கான இரண்டு வீடுகளின் விவரத்தையும், சாவி வைத்திருப்பவர் பெயரையும் பொருளாளர் அவருக்குத் தெரிவிப்பார் – ஜூலை 31.

அந்த விவரம் கிடைத்தபின், நிறுவனத்தின் பொறியாளர் இரண்டு வீடுகளின் மெத்தையையும் பார்த்து, பொருத்தும் முறையையும் ஒழுகல் பற்றிய கருத்தையும் எழுத்தில் தருவார் – ஆகஸ்ட் 25.

பங்குதாரர் வீடு பற்றிய கேள்வியை மின்வாரியத்தில் கேட்டுத் திரு. (பெயர்) செயலாளருக்குத் தெரிவிப்பார் – ஆகஸ்ட் 25.

தலைவர் நன்றி கூறினார். அழைப்பாளர் 12.10க்கு விடைபெற்றார்.

இவ்வளவுதான். நான்கு பக்கத்தில் இருந்த கரண்ட் போன விஷயம் இதில் இல்லை. அவர் போகிற போக்கில் "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்று இன்னொரு நிறுவனத்தைப் பற்றிச் சொன்னதும் இல்லை. மினிட் நோட்டை எந்த உறுப்பினரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். நம்பிச் சொன்னதை அதில் எழுதிவிட்டால் அடுத்த தடவை யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். அதே சமயம், அந்தத் தகவல் சங்கம் முடிவெடுக்கத் தேவைப்பட்டால், "இதை எழுதிக்கொள்ளலாமா" என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும். கேட்காமல் எழுதுவதும், எழுதாமல் அதை நம்பி முடிவெடுப்பதும் இரண்டும் தப்பு.

அவருக்கே அனுப்பிப் பார்ப்பது

இரண்டு நாளுக்குள் இந்தப் பொருள் 4ஐ மட்டும் விருந்தினருக்கு அனுப்ப வேண்டும். முழு நோட்டையும் அனுப்பக் கூடாது. சந்தா பாக்கி, தெருவிளக்குத் தகராறு எல்லாம் அவருக்கு எதற்கு? "தாங்கள் கூறியதை இவ்வாறு பதிவு செய்துள்ளோம். திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுகிறோம்" என்று இரண்டு வரி சேர்த்து வாட்ஸப்பிலேயே அனுப்பலாம். பேசிய சூடு ஆறுவதற்குள் போய்விட்டால் அவருக்கும் நினைவிருக்கும். ஒரு மாதம் கழித்து அனுப்பினால் "நான் அப்படிச் சொல்லலையே" என்பார், நாமும் மறுக்க முடியாது.

அவர் திருத்தம் சொன்னால் இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். நாம் தவறாகக் கேட்டிருந்தால் திருத்தி எழுதிவிடலாம். அன்று சொன்னதையே இப்போது மாற்றுகிறார் என்றால், நோட்டில் அன்று சொன்னதே இருக்கட்டும். பிறகு இன்ன தேதியில் இப்படி மாற்றித் தெரிவித்தார் என்று அடுத்த கூட்டத்தில் எழுத வேண்டும். எங்கள் விருந்தினர் ஒரே ஒரு திருத்தம் அனுப்பினார்: 100 சதுர அடி என்பது பேனலுக்கு மட்டும், நடந்து துடைக்க வழிவிட்டால் கொஞ்சம் கூடும் என்றார். அது விளக்கம்தான், அதனால் அந்த வரியிலேயே சேர்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் தலைவரிடம் கையெழுத்துக்குக் கொடுத்தோம்.

அடுத்த கூட்டம் செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நோட்டை வாசிக்கும்போது தம்பி அந்த நான்கு தொடர் வேலைகளையும் ஒவ்வொன்றாகப் படித்து, பக்கத்தில் நிலையை எழுதினார். பட்டியல் வந்தது: ஜூலை 24. வீட்டு விவரம் கொடுத்தது: ஆகஸ்ட் 4, நான்கு நாள் தாமதம், அது எங்கள் பக்கத்துத் தாமதம் என்றே எழுதினோம். மெத்தை பார்த்த கடிதம் வந்தது: ஆகஸ்ட் 22, இணைப்பு 3. இரண்டில் ஒரு வீட்டுக்குத் துளை போடாமல் எடை வைத்து நிறுத்தும் முறையைச் சொல்லியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் உத்தரத்தைப் பழுது பார்க்காமல் எதையும் ஏற்ற வேண்டாம் என்று இருந்தது.

ஆச்சியின் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. தம்பி அங்கே 'நிலுவை' என்று எழுதி, செயலாளர் செப்டம்பர் 17க்குள் நினைவூட்டுவார் என்று என் பெயரைச் சேர்த்தார். ஆச்சி நோட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டு அந்த வரியைப் படித்துப் பார்த்துவிட்டு, "பதினேழு புதன்கிழமைதானே, நான் காலையிலயே கேப்பேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.